ஒன்பது மா நிலத்துக்கு பேட்டரி ஸ்பிரேயர் வாங்கலாமா? நிறையும் குறையும்

எங்கள் ஊர் உழவர் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர், மருந்து அடிக்க எந்த ஸ்பிரேயர் வாங்கலாம் என்று கேட்டிருந்தார். திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடையில் ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். களிமண். சம்பாவுக்கு நேரடி விதைப்பு, அறுவடையை ஒட்டி உளுந்து. வீட்டில் அப்பா காலத்துக் கைத்தெளிப்பான் ஒன்று இருக்கிறது. வெளியூர் வேலையை விட்டு வந்து இப்போதுதான் விவசாயத்தில் இறங்கியிருக்கிறார். குழுவில் பலரும் ஒரே சொல்லாக ஒரு கம்பெனிப் பெயரை எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். கம்பெனிப் பெயர் மட்டும் தெரிந்தால் அவருக்கு ஒன்றும் விளங்காது என்பதால், அவரைப் போல முதன்முறையாக வாங்குவோர் எல்லோருக்கும் பயன்படும்படி கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முன்கூட்டியே இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். நான் பயன்படுத்துவது 16 லிட்டர் கொள்ளளவும் சாதாரண லெட் ஆசிட் பேட்டரியும் உள்ள தெளிப்பான். லித்தியம் பேட்டரி உள்ளதை உறவினர் வயலில் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேனே தவிர, சொந்தமாக வைத்துக் காலம் தள்ளியதில்லை. எந்தக் கடையோடும் எனக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை; கம்பெனிப் பெயர் எதையும் இங்கே எழுதப் போவதுமில்லை. ஏனென்றால், ஒரே மாதிரியான பம்பையும் பேட்டரியையும் வெவ்வேறு ஸ்டிக்கர் ஒட்டி விற்பது இந்தப் பொருளில் மிகச் சாதாரணம்.

முதல் படி: உங்களுக்கு எத்தனை டேங்க் வேலை என்று கணக்கிடுங்கள்

நம் பக்கத்தில் மருந்து அடிக்கும் வேலை ஏக்கர் கணக்கில் ஓடுவதில்லை, டேங்க் கணக்கில்தான் ஓடுகிறது. ஆளுக்குக் கூலியும் டேங்குக்கு இவ்வளவு என்றுதான் பேசுகிறோம். நெல்லுக்குக் கைத்தெளிப்பானால் அடிக்க ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. மூன்று மா ஒரு ஏக்கர் என்பதால், ஒரு மாவுக்கு ஏறத்தாழ 65 லிட்டர், 16 லிட்டர் தெளிப்பானில் நான்கு டேங்க். ஒன்பது மாவுக்கு ஒரு தடவை மருந்து அடித்து முடிக்க 36 டேங்க் ஆகிறது. களைக்கொல்லி, பூச்சிமருந்து, தேவைப்பட்டால் குலைநோய்க்கு ஒரு மருந்து, அதன்பின் உளுந்துக்கு இரண்டு தெளிப்பு என்று ஓர் ஆண்டில் ஐந்து தடவை அடித்தால் 180 டேங்க்.

இந்த எண்ணை முதலில் கையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். ஒன்றிரண்டு மா மட்டுமே வைத்திருப்பவருக்கு இது 20 முதல் 40 டேங்குக்குள் முடிந்துவிடும். அவர் பேட்டரி தெளிப்பானுக்குப் பணம் போடத் தேவையில்லை, நல்ல கைத்தெளிப்பானே போதும் என்பது என் கருத்து. ஒரு வேலி, இரண்டு வேலி என்று இருப்பவருக்கோ முதுகில் சுமக்கும் தெளிப்பான் எதுவுமே போதாது; அவர்கள் நீண்ட ஹோஸ் போட்டு அடிக்கும் விசைத்தெளிப்பானையோ வாடகை டிரோனையோ பார்ப்பது நல்லது. கேள்வி கேட்ட தம்பியின் ஒன்பது மா இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பேட்டரி தெளிப்பான் உண்மையிலேயே பொருந்துகிற அளவு இதுதான்.

பேட்டரி தெளிப்பானின் நிறைகள்

முதல் நிறை எல்லோருக்கும் தெரிந்தது: கை வலிக்காது. ஒரு கையால் நெம்புகோலை அடித்துக்கொண்டே மறு கையால் குழலை ஆட்டிக்கொண்டு உளையில் நடப்பதற்கும், நெம்புகோல் இல்லாமல் குழலை மட்டும் ஆட்டிக்கொண்டு நடப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஆள் கிடைக்காத நாளில் வீட்டுக்காரரே இறங்கி அடித்துவிட முடிகிறது என்பதற்காகவே பலர் இதை வாங்குகிறார்கள்.

ஆனால் நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது அழுத்தம் சீராக இருப்பதைத்தான். கைத்தெளிப்பானில் ஆள் களைக்கக் களைக்க நெம்புகோல் அடிப்பது குறைகிறது. காலை முதல் டேங்கில் புகைபோல வந்த மருந்து, எட்டாவது டேங்கில் பெருந்துளியாகச் சொட்டுகிறது. வயலில் ஒரு பக்கம் களை கருகி மறுபக்கம் பச்சையாக நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பேட்டரி தெளிப்பானில் சார்ஜ் இருக்கும்வரை துளியின் அளவு ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும்.

குறைகள்: கடைக்காரர் சொல்லாதவை

எடை முதலாவது. காலியாக இருக்கும்போது சாதாரணக் கைத்தெளிப்பானைவிட இது இரண்டு கிலோ போல அதிகம்; அது முழுக்கப் பேட்டரியின் எடை. தண்ணீரும் சேர்ந்தால் 22 கிலோவை ஒட்டி வரும். மணற்பாங்கான இடத்தில் இது பெரிதாகத் தெரியாது. கடைமடைக் களியில் முழங்கால் புதையும்போது தெரியும். உடல் வாகு குறைந்தவர் 12 லிட்டரோடு நிறுத்தி நிரப்பிக்கொள்வதில் தவறில்லை, ஆனால் மருந்தையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும்.

இரண்டாவது குறை தண்ணீர். பெரும்பாலான தெளிப்பான்களில் பேட்டரி, மோட்டார், சுவிட்ச், சார்ஜ் ஏற்றும் துளை எல்லாம் டேங்கின் அடியில் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. கைத்தெளிப்பானை நட்ட வயலுக்குள்ளேயே இறக்கி வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பழகியவர்கள் இதையும் அப்படியே வைத்துவிடுகிறார்கள். இரண்டங்குலத் தண்ணீர் போதும், பெட்டிக்குள் ஈரம் ஏறி ஒயர் முனைகள் பச்சை பிடித்துவிடும். வரப்பிலோ பலகையின் மீதோ வைத்துத்தான் நிரப்ப வேண்டும். சார்ஜ் துளையை மூடும் ரப்பர் மூடி காணாமல் போனால் அன்றே வேறு போடுங்கள்.

மூன்றாவது மின்சாரம். நமக்கு மருந்து அடிக்கும் வேலை மிகுதியாக இருப்பது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது புயலும் மின்தடையும் வரும் காலத்தில். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்த பிறகு வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமங்களில் பல நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆகவே கடைமடையில் இருப்பவர்கள், பேட்டரியோடு கை நெம்புகோலும் சேர்ந்த இரட்டை வகையை வாங்குவது நல்லது என்பேன். அதில் எடை இன்னும் கொஞ்சம் கூடும், கெட்டுப்போகக்கூடிய பாகங்களும் கூடும். அந்தக் குறையை ஏற்றுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

நான்காவது, பெட்டியின் மீது எழுதியிருக்கும் டேங்க் எண்ணிக்கை. ஒரு சார்ஜில் 20 டேங்க், 25 டேங்க் என்று அச்சிட்டிருப்பதை நம்பி வேலை திட்டமிட்டால் பாதி வயலில் நின்றுவிட நேரும். கணக்கைப் பாருங்கள். பேட்டரியின் மீது 12 வோல்ட் 8 ஆம்பியர் ஹவர் என்று எழுதியிருக்கிறது. பம்ப் சுமார் 3 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தால், ஏட்டுக் கணக்கில் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். நாசில் வழியாக நிமிடத்துக்கு ஒரு லிட்டர் போனால், ஒரு டேங்க் தீர 16 நிமிடம். ஆக, ஒரு சார்ஜுக்கு ஒன்பது டேங்க், மிஞ்சினால் பத்து. பேட்டரி பழசாகப் பழசாக அதுவும் குறையும். அதே கணக்கில் 12 ஆம்பியர் ஹவர் பேட்டரி 14, 15 டேங்க் வரை தாங்கும். அதற்கேற்ப எடையும் ஏறும்.

கடைசியாகவும் பெரிதாகவும் இருக்கும் குறை, பேட்டரியே சும்மா கிடந்து சாவது. அதற்குத் தனியாக வருகிறேன்.

லெட் ஆசிடா, லித்தியமா?

லித்தியம் எடை குறைவு, அதிகத் தடவை சார்ஜ் ஏற்றி இறக்கலாம், பாதி சார்ஜில் கிடந்தாலும் லெட் ஆசிட் அளவுக்குக் கெடாது. விலை கூடுதல். அதற்குரிய சார்ஜர் தனி. லெட் ஆசிட் சார்ஜரை எடுத்து அதில் செருகுவது ஆபத்து, கூடவே கூடாது. பேட்டரி போய்விட்டால் பக்கத்து ஊர்க் கடையில் அதே அளவில் வேறு கிடைக்குமா என்பதைக் கேட்காமல் வாங்க வேண்டாம். லெட் ஆசிட் பேட்டரி எந்தச் சிறு டவுனிலும் கிடைக்கிறது, எந்த எலெக்ட்ரீசியனும் மாற்றிக் கொடுத்துவிடுவார். வைத்துப் பேணும் ஒழுங்கு இருப்பவருக்கு லெட் ஆசிட் போதும். மாதம் ஒருமுறை அதை நினைவில் வைக்க முடியாது என்று தோன்றுபவர் லித்தியத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயமே.

கடையில் பார்க்க வேண்டியவை

பெட்டியைப் பிரித்து, தெளிப்பானில் ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கும் கடையில் வாங்க வேண்டாம். ஓடும்போது டிரிக்கரை விட்டுவிட்டுக் காதைக் கொடுத்துக் கேளுங்கள்: மோட்டார் ஓரிரு நொடியில் நின்று அமைதியாகிவிட வேண்டும். நின்ற பிறகும் இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை ‘டுர்’ என்று தானாக ஓடி ஓடி நின்றால், எங்கோ அழுத்தம் கசிகிறது என்று பொருள். ஹோஸ் இணைப்பிலோ டிரிக்கர் வாஷரிலோ ஈரம் தெரிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். புதுப் பொருளிலேயே இப்படி இருந்தால் வேறு எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். பின்னால் பழசானபோது இதே ஓசை வந்தால், பெரும்பாலும் ஒரு வாஷர் மாற்றியதும் சரியாகிவிடும். அதைக் கவனிக்காமல் விட்டால் பேட்டரியும் வீணாகக் கரையும், கசிகிற மருந்து முதுகை நனைக்கும்.

அடுத்து, முதுகுப் பட்டையின் கொக்கியையும் அது டேங்கோடு சேரும் இடத்தையும் பாருங்கள். 22 கிலோ தொங்குவது அந்த இடத்தில்தான். டேங்க் வாயில் இருக்கும் வடிகட்டிக் கூடை ஆழமாக இருக்கிறதா, நாசில்கள் எத்தனை தருகிறார்கள், அவற்றில் தட்டையாக விசிறிபோல் அடிக்கும் நாசில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சிமருந்துக்கும் பூசணக்கொல்லிக்கும் கூம்பு வடிவில் அடிக்கும் நாசிலும், களைக்கொல்லிக்கு விசிறி நாசிலும் வேண்டும். நான்கு துளை, ஆறு துளை உள்ள பூவாளி போன்ற நாசிலைக் கூடவே இனாமாகத் தருவார்கள். டேங்க் சீக்கிரம் தீரும் என்பதைத் தவிர அதனால் நெல்லுக்கு ஒரு நன்மையும் இல்லை. டேங்க் கணக்கில் கூலி பேசியிருக்கும் ஆளிடம் அது போய்ச் சேர்ந்தால், நஷ்டம் உங்களுக்குத்தான்.

தேதியும் பேட்டரி எண்ணும் எழுதிய பில் வாங்குங்கள். டேங்குக்கு எவ்வளவு காலம் வாரண்டி, பேட்டரிக்கு எவ்வளவு காலம் என்று தனித்தனியாகக் கேளுங்கள், இரண்டும் ஒன்றாக இருப்பது அரிது. மானியம் இருக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரியுங்கள். வாங்கிய பிறகு பில்லை நீட்டினால் பொதுவாகக் கிடைக்காது.

வாங்கிய பின் முதல் வேலை: பத்துக் குழி அளவு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் வாசிப்பதாக இருந்தால் இதை வாசியுங்கள். பேட்டரி தெளிப்பான் வந்ததும் ஒரு மாவுக்கு ஆகும் டேங்க் எண்ணிக்கை மாறிவிடும். கை ஓய்வாக இருப்பதால் நடை வேகமாகிறது, நாசிலும் வேறு, துளியும் நுணுக்கம். ஆனால் மருந்தை மட்டும் பழைய பழக்கத்தில் டேங்குக்கு இத்தனை மூடி என்றே ஊற்றுகிறோம். மருந்து கேட்கவில்லை, போலி மருந்து கொடுத்துவிட்டார்கள் என்று புலம்புகிறவர்களில் பலருக்கு உண்மையில் நடந்திருப்பது இதுதான்.

அளக்கும் முறை எளியது. ஒரு குழி என்பது 12 அடிக்கு 12 அடி. 24 அடி அகலமும் 60 அடி நீளமும் உள்ள துண்டு சரியாகப் பத்துக் குழி, அதாவது ஒரு மாவில் பத்தில் ஒரு பங்கு. வயலுக்குள்ளேயே அப்படி ஒரு துண்டுக்கு நான்கு மூலையிலும் குச்சி நடுங்கள். வரப்பில் நடந்து பார்க்கக் கூடாது. உளையில் நடக்கும் வேகமே வேறு. டேங்கில் சரியாக 10 லிட்டர் வெறும் தண்ணீர் ஊற்றி, மருந்து அடிக்கும் நாளில் எப்படி நடப்பீர்களோ அப்படியே நடந்து அந்தத் துண்டை அடித்து முடியுங்கள். பிறகு டேங்கில் மிஞ்சிய தண்ணீரை லிட்டர் குவளையால் அளந்து எடுங்கள்.

எடுத்துக்காட்டாக 5.5 லிட்டர் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். செலவானது 4.5 லிட்டர். பத்தால் பெருக்கினால் ஒரு மாவுக்கு 45 லிட்டர், 16 லிட்டர் டேங்கில் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. கைத்தெளிப்பானில் நான்கு டேங்க் ஆன அதே இடம் இது.

இப்போது ஒரு களைக்கொல்லியின் லேபிளில் ஏக்கருக்கு 100 மில்லி என்று போட்டிருக்கிறது என்போம். ஒரு மாவுக்கு 33 மில்லி. கைத்தெளிப்பானில் நான்கு டேங்குக்குப் பங்கிட்டால் டேங்குக்கு 8 மில்லி வரும். அப்பா காலத்திலிருந்து வீட்டில் பழகிய அளவும் அதுவாகவே இருக்கும். அதே 8 மில்லியைப் பேட்டரி தெளிப்பானில் ஊற்றினால், மூன்று டேங்கில் மாவுக்கு மொத்தம் 22, 23 மில்லிதான் விழுகிறது. வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்கு. நேரடி விதைப்பு வயலில் குதிரைவாலிப் புல் லேசாக மஞ்சளித்துவிட்டு மீண்டும் துளிர்க்க இது போதும். 33 மில்லியை 45 லிட்டருக்குப் பங்கிட வேண்டும்; அப்படியானால் 16 லிட்டர் டேங்குக்கு ஏறத்தாழ 12 மில்லி. மூடியால் அளக்காமல், மருந்துக் கடையில் கிடைக்கும் அளவுக் குவளையாலோ ஊசி இல்லாத சிரிஞ்சாலோ அளந்து ஊற்றுங்கள்.

லேபிளில் மருந்தின் அளவோடு எவ்வளவு தண்ணீர் என்பதும் எழுதியிருக்கும். உங்கள் 45 லிட்டர் கணக்கு அதைவிட மிகவும் கீழே போனால், மருந்தைக் கெட்டியாக்கிச் சமாளிக்கக் கூடாது. நடையைக் குறைத்து, மறுபடி பத்துக் குழியில் அளந்து பார்க்க வேண்டும்.

புகையான் பூச்சிக்கு இன்னொரு கவனம் வேண்டும். அது இருப்பது தூரின் அடியில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி. பேட்டரி தெளிப்பானின் நுண்துளி தோகையின் மேலேயே தங்கிவிடும், நீங்களும் அடித்துவிட்டோம் என்று நிம்மதியாக வந்துவிடுவீர்கள். எட்டடிக்கு ஓரடி இடைவெளியாகப் பட்டம் விட்டு நட்ட வயலாக இருந்தால் பட்டத்தில் நடந்து, குழலைத் தாழ்த்தித் தூரைப் பார்த்து அடிக்கலாம். பட்டம் இல்லாத நேரடி விதைப்பில் பயிரை விலக்கிக்கொண்டு அடிக்க வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகும். அதற்கு வேறு கணக்கு அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

உளுந்துக்கு வரும்போது கணக்கு வேறு

உளுந்துக்கு டிஏபி கரைசல் தெளிக்கும்போது மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே பரிந்துரை 2 சதவீதக் கரைசல். அதாவது 16 லிட்டருக்கு 320 கிராம். டேங்க் குறைவாக ஆகிறதே என்று இதைக் கெட்டியாக்கினால் இலை ஓரம் கருகும். கெட்டியாக்காமல் வேகமாகவே நடந்தால் பயிருக்குப் போய்ச் சேரும் உரம் குறையும். ஆகவே இங்கே மாற்ற வேண்டியது நடையைத்தான்: ஒரு மாவுக்கு 65 லிட்டர் இறங்கும் அளவுக்கு மெதுவாக நடக்க வேண்டும். டிஏபியை முந்தின நாளே தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த மேல் நீரை மட்டும் துணியால் வடிகட்டி ஊற்றுங்கள். அடி மண்டி உள்ளே போனால் வடிகட்டியும் நாசிலும் அடைத்துக்கொள்ளும், பம்பின் உள்ளிருக்கும் மெல்லிய ரப்பர்ச் சவ்வும் தேயும். அடைத்த நாசிலை வாயால் ஊதக் கூடாது. குண்டூசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். பழைய பல்துலக்கும் பிரஷும் தண்ணீரும் போதும்.

இந்த இடத்தில்தான் அப்பாவின் கைத்தெளிப்பானைத் தூக்கிப் போட வேண்டாம் என்கிறேன். உளுந்து, பயறு, கோடைப் பருத்தி ஆகிய அகன்ற இலைப் பயிர்களுக்கு 2,4-டி போன்ற களைக்கொல்லியின் மிச்சம் சிறிதளவு இருந்தாலும் ஆகாது. இலை சுருண்டு, குருத்து முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு கழுவினாலும் ஹோஸிலும் வாஷரிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். கைத்தெளிப்பானைச் சரிபார்த்து, மேலே பெயின்டால் ‘களை’ என்று எழுதிக் களைக்கொல்லிக்கு மட்டும் வைத்துக்கொள்வது மிகவும் பாதுகாப்பானது. அப்படிச் செய்தால் மேலே சொன்ன களைக்கொல்லிக் கணக்கைக் கைத்தெளிப்பானின் டேங்க் எண்ணிக்கையில் போட்டுக்கொள்ளுங்கள். களைக்கொல்லியையும் பேட்டரி தெளிப்பானிலேயே அடிக்கத்தான் வேண்டும் என்பவர், சோப்புத் தண்ணீரால் ஒருமுறையும் நல்ல தண்ணீரால் மூன்று முறையும், ஒவ்வொரு முறையும் மோட்டாரை ஓடவிட்டு நாசில் வழியே வெளியேற்றிக் கழுவ வேண்டும். கழுவிய நீர் வாய்க்காலிலோ குளத்திலோ போகாமல், மருந்து அடித்த அதே வயலிலேயே விழட்டும்.

தம்பியின் ஒன்பது மாவுக்கு என் பதில்

மாவுக்கு 45 லிட்டர் வீதம் ஒன்பது மாவுக்கு 405 லிட்டர், ஏறத்தாழ 26 டேங்க். எட்டு ஆம்பியர் பேட்டரியில் ஒரு சார்ஜுக்கு ஒன்பது டேங்க் என்றால் ஒரு காலையில் மூன்று மா, மொத்தம் மூன்று காலை. காற்று எழுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதாலும், ஒரு மாவுக்கு அடிக்க மட்டுமே முக்கால் மணி நேரம் ஆகும் என்பதாலும், ஓர் ஆள் ஒரு காலையில் மூன்று மாவுக்கு மேல் செய்வது எப்படியும் கடினம். எனவே பெரிய பேட்டரி வாங்குவதால் நீங்கள் தனி ஆளாக அடிக்கும்வரை பெரிய லாபம் இல்லை. எட்டு ஆம்பியர் லெட் ஆசிட், கை நெம்புகோலும் சேர்ந்த இரட்டை வகை, 16 லிட்டர்: இதுதான் நான் சொல்வது. காலையும் மாலையும் மாறி மாறி இரண்டு பேர் அடிப்பதாக இருந்தால் மட்டும் 12 ஆம்பியருக்குப் போகலாம்.

இடுப்பு வலி உள்ளவருக்கு இந்தப் பதில் பொருந்தாது. அவர் எந்தத் தெளிப்பானையும் வாங்காமல் ஆள் வைத்தே அடிப்பது மேல். ஆளுக்குக் கொடுப்பதாக இருந்தாலும் கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை மூன்றையும் உங்கள் செலவிலேயே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

பேட்டரியைக் காப்பாற்றும் முறை

வாங்கி வந்ததும் கையேட்டில் சொன்ன நேரம்வரை முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பிறகே முதல் வேலை. அதன்பின் ஒரு டேங்க் அடித்தாலும் ஒன்பது டேங்க் அடித்தாலும் அன்று இரவே சார்ஜ் போட வேண்டும். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் இறங்கிய நிலையில் கிடந்தால், உள்ளே இருக்கும் தகடுகளில் உப்புப் படிந்து கெட்டியாகி, பிறகு சார்ஜை ஏற்காது. துளி பெரிதாகி விசை குறைவதைக் கண்டதும் நிறுத்திவிடுங்கள். மோட்டார் முனகும்வரை ஓட்டுவது பேட்டரியின் ஆயுளைத் தின்னும்.

குறுவை போடாத நமக்கு ஆபத்தான காலம் கோடை. உளுந்துக்குக் கடைசித் தெளிப்பு முடிந்து அடுத்த சம்பாவில் களை தலை காட்டும்வரை தெளிப்பானுக்கு வேலை இல்லை. நான்கைந்து மாதம் அது பரண்மேல் கிடக்கும். பேட்டரி சும்மா இருந்தாலும் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், வெயில் காலத்தில் சீக்கிரம் இறங்கும். ஆகவே டேங்கைக் கழுவிக் காயவைத்து, முழுச் சார்ஜ் ஏற்றி, தகரக் கொட்டகையில் வைக்காமல் வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். மாதம் ஒரு நாள், அமாவாசை என்று குறித்துக்கொண்டால் மறக்காது, மீண்டும் முழுச் சார்ஜ் போடுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றி வைக்கும் வசதி இருந்தால் கழற்றிவிடுவது இன்னும் நல்லது. லித்தியமாக இருந்தால் முழுச் சார்ஜில் வைக்காமல் பாதியளவில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

மறுபடி பருவம் தொடங்கும்போது ஒரு சிறு சோதனை செய்யுங்கள். முழுச் சார்ஜில், நாசிலை ஒரு பாட்டிலுக்குள் விட்டு ஒரு நிமிடம் அடித்து எத்தனை மில்லி என்று அளந்து, புதிதாக வாங்கியபோது அளந்து குறித்து வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தால் நாசில் துளை தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். அது சிறு செலவுதான். குறைந்திருந்தால் முதலில் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். அது சுத்தமாக இருந்தும் குறைகிறது என்றால் எலெக்ட்ரீசியனிடம் கொண்டுபோய் மீட்டர் வைத்துப் பாருங்கள்: முழுச் சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் ஓய்வில் வைத்த பிறகு 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரி பெரும்பாலும் நலம், பம்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். 12 வோல்ட்டை ஒட்டியே நின்றால் பேட்டரியை மாற்றுங்கள், தெளிப்பானை மாற்றத் தேவையில்லை.